விவாதச் சுற்றுப்போட்டிக்கு ரூபா 150,000 அனுசரணை கோரல்

முகாமையாளர் அவர்கட்கு,
புத்தகசாலை, காலி வீதி, வெள்ளவத்தை.

ஐயா,

எதிர்வரும் ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் எமது மன்றம் நடத்தவுள்ள பாடசாலைகளுக்கிடையிலான விவாதச் சுற்றுப்போட்டிக்கு, மண்டப வாடகைக்கும் மலர் அச்சிடும் செலவுக்குமாக ரூபா 150,000 வழங்குமாறு தங்களை வேண்டுகிறோம்.

இதற்கு ஈடாக, மேடைப் பதாகையில் தனி அனுசரணையாளராகத் தங்கள் பெயர் மட்டுமே இடம்பெறும். 500 பிரதிகள் அச்சாகும் மலரின் பின்னட்டை முழுவதும் தங்கள் விளம்பரத்துக்கே ஒதுக்கப்படும். தேநீர் இடைவேளையில் மாணவரும் பெற்றோரும் கூடும் வாசலருகே, நூல்களை விற்க ஒரு மேசையும் தரப்படும். விற்பனை எவ்வளவாகும் என்று எம்மால் உறுதிகூற இயலாது. எனினும் வருவோரில் பெரும்பாலோர் உயர்தர வகுப்பு மாணவர்கள்.

மலர் அச்சுக்குச் செல்லவிருப்பதால், தங்கள் முடிவை ஜூலை 31ஆம் திகதிக்கு முன் அறியத்தாருங்கள். காசோலை கிடைத்ததும் பற்றுச்சீட்டும், போட்டி முடிந்தபின் கணக்கறிக்கையும் அனுப்பிவைப்போம்.

இவ்வண்ணம்,
பொருளாளர்,
தமிழ் மாணவர் மன்றம்