பந்து அட்டையில் நட்சத்திரம் எதற்கு என்று கேட்டவர்

நான் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். பேச்சு தாமதமாக வரும் குழந்தைகளோடு தினமும் உட்காருவதுதான் என் வேலை. அதற்கென்று 72 படச்சொல் அட்டைகளும், பெற்றோருக்கான 16 பக்கக் கையேடும், இரண்டையும் வைக்க ஒரு பெட்டியும் வேண்டியிருந்தது. மூன்றையும் வடிவமைத்துக் கொடுத்த வடிவமைப்பாளரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வேலை முடிந்து ஐந்து மாதமாகிறது. அட்டைகள் நூற்றுக்கணக்கான தடவை சின்னக் கைகளில் மாட்டிக் கசங்கிய பிறகு எழுதினால்தான் நியாயம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

இவரிடம் வருவதற்கு முன் வேறு ஒருவரிடம் இதே வேலையைக் கொடுத்துச் சூடுபட்டிருந்தேன். கணினித் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. அச்சகத்தில் ஃபைலைத் திறந்தால் ‘பெட்டி’ என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பாதி அட்டைகள் பழைய எழுத்துரு ஒன்றில் செய்யப்பட்டிருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்தான் வந்தது. திருத்தலாம் என்றால் மூல ஃபைலும் கைக்கு வரவில்லை. ஆகவே இவரோடு முதல் தடவை பேசும்போது நான் கொஞ்சம் சந்தேகப் பிராணியாகத்தான் இருந்தேன். யூனிகோடா, மூல ஃபைல் தருவீர்களா என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டேன். சிரித்துக்கொண்டே, “இரண்டுமே ஒப்பந்தத்தில் இருக்கும். இப்போது நான் கேட்கலாமா?” என்றார்.

அவர் கேட்டவை எல்லாம் குழந்தைகளைப் பற்றி. எந்த வயது? அட்டையைக் குழந்தை கையில் பிடிக்குமா, நீங்கள் பிடித்துக் காட்டுவீர்களா? மேசையிலா, தரையிலா? வாயில் வைக்குமா? ஒரு நேரத்தில் எத்தனை அட்டை விரித்து வைப்பீர்கள்? உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன என்று மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. மஞ்சள் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

முதல் வாரம் அவர் அனுப்பியது ஒரே ஒரு தாள். ‘மரம்’, ‘கால்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் ஒன்பது எழுத்துருக்களில் வரிசையாக அச்சிட்டிருந்தன. அதில் ஆறைச் சிவப்பில் சுழித்திருந்தார். அந்த ஆறிலும் ‘ர’வும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பெரியவர்கள் பழக்கத்தில் ‘மரம்’ என்று படித்துவிடுவோம். எழுத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கும் குழந்தைக்கு அது ‘மாம்’ என்றும் தெரியலாம், ‘கால்’ என்பது ‘கரல்’ என்றும் தெரியலாம். பத்து வருடமாக அட்டைகளோடு புழங்குகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. சில குழந்தைகள் ஏன் குறிப்பிட்ட சொற்களில் மட்டும் தயங்குகிறார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாத் தயக்கத்துக்கும் எழுத்துருதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிலவற்றுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. மீதி மூன்றில் ரகரத்தின் கால் தெளிவாகச் சாய்ந்து இறங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அது திறந்த உரிமத்தில் கிடைப்பது. விற்பனைக்குப் போகும் அட்டையிலும் தனியாகப் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம் என்பதை உரிமப் பக்கத்தைத் திறந்து காட்டி விளக்கினார்.

அடுத்து நட்சத்திரச் சண்டை. அட்டையின் மூலைகளில் சின்னச் சின்ன நட்சத்திரங்களும், சுற்றிலும் வண்ண வளைவுகளும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். குழந்தைகளுக்கான பொருள் என்றால் கலகலப்பாக இருக்க வேண்டாமா? அவர் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்றேன். இரண்டு மூன்று மெயில்களுக்குப் பிறகு, “சரி, நீங்கள் சொல்வதுபோல ஒரு செட், நான் சொல்வதுபோல ஒரு செட், ஐந்தைந்து அட்டை அனுப்புகிறேன். உங்கள் வகுப்பில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன்” என்று எழுதினார். வீட்டு அச்சுப்பொறியில் உண்மையான அளவில் அச்சிட்டு, மூலைகளைக்கூடக் கத்தரித்து உருட்டி அனுப்பியிருந்தார்.

மறுநாள் நான்கு வயதுப் பையன் ஒருவன் முன்னால் என் செட்டிலிருந்து பந்து அட்டையை வைத்தேன். “இது என்ன?” என்றேன். அவன் விரல் நேராக இடது மூலைக்குப் போனது. நட்சத்திரத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, “ஸ்டார்” என்றான். பந்தை அவன் பார்க்கவே இல்லை. அடுத்த அட்டையிலும் முதலில் நட்சத்திரத்தைத்தான் தேடினான். அவருடைய செட்டில் வெள்ளைப் பரப்பு, நடுவில் பந்து, கீழே சொல், அவ்வளவுதான். அதில் விரல் பந்துக்கே போனது. ஒரே ஒரு குழந்தையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று இன்னும் மூன்று பேரிடம் காட்டினேன். சாயங்காலம் அவருக்கு “நட்சத்திரம் வேண்டாம்” என்று இரண்டே சொல்லில் செய்தி அனுப்பினேன். ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. “பெட்டியின் மூடிக்குள்ளே வைத்துவிடுவோமா? திறக்கும்போது சந்தோஷமாக இருக்கும்” என்று பதில் வந்தது. இப்போது பெட்டியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க நட்சத்திரங்கள். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அச்சு வேலையில் அவருக்கு இருக்கும் பழக்கம் எனக்குக் காசாகவும் நேரமாகவும் மிச்சமானது. நான் கேட்டது 70 அட்டைகள். அவர் அச்சகத்தில் விசாரித்து, ஒரு தாளில் 18 அட்டை வரும், நான்கு தாளில் 72 வரும், இரண்டு இடம் வீணாகப் போகிறது, இன்னும் இரண்டு சொல் யோசியுங்கள் என்றார். கையேட்டுக்கு நான் எழுதியது 18 பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். இருபதாக இழுப்பதைவிடப் பதினாறாகக் குறைப்பது நல்லது என்றார். குறைத்தேன். கையேடு மேலாகத்தான் ஆனது. ‘வானம்’ அட்டையின் நீலம் திரையில் பளீரென்று இருந்தது. அச்சு மையில் அந்த நீலம் வராது, ஊதா சாயல் அடிக்கும் என்று எச்சரித்து, மையில் கிடைக்கக்கூடிய நீலத்துக்கு முன்கூட்டியே மாற்றி, அச்சகத்தில் மாதிரிப் பிரதி எடுத்துக் காட்டிய பிறகுதான் என்னிடம் ஒப்புதல் கேட்டார். ஓரம் வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுவது போன்ற சங்கதிகளை நான் கவனிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அச்சகத்திலிருந்து எனக்கு ஒரு சந்தேக அழைப்புகூட இல்லை.

குறையே இல்லையா என்று கேட்டால், உண்டு. 41ஆம் எண் அட்டையின் பின்பக்கம் 14 என்று அச்சாகியிருந்தது. நானும் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்திருந்தேன். நல்லவேளையாக மாதிரிப் பிரதியிலேயே பிடித்துவிட்டோம். கண்டுபிடித்தது அவர்தான். உடனே போன் செய்து, தன் தவறு என்று சொல்லி, மறு மாதிரிக்கான செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். கையேடு சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதமானது. அந்தத் தாமதத்தை நாலு நாள் முன்பே தெரிவித்துவிட்டார். உண்மையைச் சொல்வதானால், நான் என் பங்கு எழுத்தைக் கொடுக்கவே பன்னிரண்டு நாள் தாமதித்தவள், எனவே வாயைத் திறக்க முடியவில்லை.

இன்னொன்று, நினைத்த நேரத்துக்கெல்லாம் போனில் பிடிக்க முடியாது. மெயிலுக்கு ஒரு நாளுக்குள் பதில் வரும், பேச வேண்டுமென்றால் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால், பேசும் ஒவ்வொரு தடவையும் முன்னே பட்டியல் இருக்கும், முடிந்த அரை மணியில் என்ன முடிவானது என்று எழுத்தில் வந்துவிடும். ஆக, எரிச்சல் போய்விட்டது. இரண்டு சுற்றுத் திருத்தம் தொகையில் அடக்கம், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம் என்பதிலும் கறாராகத்தான் இருப்பார். நட்சத்திரச் சோதனையை மட்டும் அவர் எந்தச் சுற்றிலும் கணக்கு வைக்கவில்லை.

படங்களை இவர் வரைவதில்லை. ஓவியரைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாப் படமும் ஒரே கோட்டுத் தடிமனில், ஒரே கோணத்தில் வர வேண்டும் என்று ஓவியருக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கக் குறிப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வரைவதும் வடிவமைப்பதும் ஒருவரே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அணுகவும்.

நாளைக்கே வேண்டும் என்று ஓடுபவர்களுக்கும், நான் சொல்வதை அப்படியே செய்தால் போதும் என்பவர்களுக்கும் இவர் சரிப்பட மாட்டார். தமிழ் எழுத்து அதிகம் வரும் அச்சு வேலை, அதிலும் குழந்தைகளோ முதியவர்களோ படிக்கப்போகும் வேலை என்றால் யோசிக்காமல் இவரிடம் போகலாம். கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தவை: அச்சுக்கான பிடிஎஃப், மூல ஃபைல்கள், எழுத்துரு, அதன் உரிமம், அப்புறம் எந்த ஃபைல் எதற்கு என்று தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. போன மாதம் நாலு அட்டைகளில் சொல் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பைப் பார்த்து அச்சகத்துக்காரரே மாற்றிவிட்டார். இவரைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை.

வினைச்சொற்களுக்கான இரண்டாவது செட்டையும் இவரிடமே கொடுத்திருக்கிறேன். கையில் வேறு வேலை இருப்பதால் ஆறு வாரம் கழித்துத்தான் தொடங்க முடியும் என்றார். காத்திருக்கிறேன். இந்தத் தடவை எழுத்தை நேரத்துக்குக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை இங்கே எழுதி வைத்தால் அவர் சாட்சியாகக் காட்டலாம்.