மாலை விருந்து அழைப்பு: திருமண அழைப்பிதழுடன் இணைத்த தாள்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் மகள் துஷ்யந்தினிக்கும் நோர்வூட் செல்லையா – பரமேஸ்வரி தம்பதியரின் மகன் கஜேந்திரனுக்கும் 2027 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10 முதல் 10.20 வரையுள்ள சுபமுகூர்த்தத்தில் லிந்துலை மேற்பிரிவு முத்துமாரியம்மன் ஆலயத்தில் திருமணம். உறையில் இருக்கும் அழைப்பிதழ் அதற்குரியது. "சுற்றமும் நட்பும் சூழ" என்று அதில் போட்டிருப்பது வெறும் வழக்கத்துக்கு அல்ல. பிள்ளைகள், பொங்கலுக்கு ஊருக்கு வந்து நிற்கும் விருந்தாளிகள், பக்கத்து லயத்துக்காரர், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 11 மணிக்கு முதல் பந்தி. ஆலய முன்றலில் பந்திக்கு 80 இலை, கடைசிப் பந்தி 2 மணிக்கு. சிறு பிள்ளைகளுடன் வருவோர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். காரமில்லாத பருப்பும் ரசமும் அந்தப் பந்திக்கென்றே தனியாக எடுத்துவைத்திருப்போம். மொய் எழுதுவதும் கோயிலில்தான். மாலையில் மொய் மேசை கிடையாது.

இந்தத் தாள் அன்று மாலை 6 மணிக்கு ஹட்டனில் நடக்கும் வரவேற்பு விருந்துக்கு மட்டும். மண்டபம் டன்பார் மைதானத்துக்குப் போகும் வீதியில், கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. வரைபடக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

மண்டபத்தில் போடக்கூடியது 11 மேசை, மேசைக்கு 10 கதிரை, மொத்தம் 110. பெண் வீட்டாருக்கு 50, மாப்பிள்ளை வீட்டாருக்கு 50 என்று பிரித்துக்கொண்டோம். மிச்சம் பத்தும் படப்பிடிப்புக்காரர், இசைக்குழு, முதியோருக்குத் துணையாக வருபவர்கள் ஆகியோருக்குச் சரியாகப் போய்விடும். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. கூடுதல் கதிரை போடுவதென்றால் அந்தப் படிக்கட்டின் வாயிலில்தான் போட வேண்டும். அது அடைபட்டால் அவசரத்துக்கு யாரும் இறங்க முடியாது. வெளியில் பந்தல் போடலாம் என்றால் முன்னால் வீதி, பின்னால் மண்மேடு. சூடான சாப்பாட்டுத் தட்டங்களும் அதே அறையில், மேசைகளுக்கு ஐந்தாறு அடி தூரத்தில் வைக்கப்படும். பிள்ளைகள் ஓடித் திரிய அங்கே இடம் இல்லை.

ஆகவே மாலை விருந்துக்கு உறையின் மேல் பெயர் எழுதியுள்ளவர்களை மட்டும் அன்போடு அழைக்கிறோம். "திரு. திருமதி" என்றிருந்தால் இரண்டு கதிரை, ஒரு பெயர் மட்டும் இருந்தால் ஒரு கதிரை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் கூடுதலாக ஒருவரையும் மாலைக்கு அழைத்துவர வேண்டாம் என்று மிகுந்த சங்கடத்துடன் கேட்டுக்கொள்கிறோம். இரு வீட்டாருக்கும் இதே கணக்குத்தான். எங்கள் தங்கையின் பிள்ளைகள் மூவரும், மாப்பிள்ளையின் அண்ணன் மகளும் கோயிலுக்கு வருவார்கள், மாலைக்கு வரமாட்டார்கள். ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வீட்டுக்கு முகம் கொடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்களால் வர முடியாவிட்டால் உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பாமல், எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். கதிரை இல்லாததால் அழைக்க முடியாமல் விட்ட உறவுகளின் பட்டியல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு அவர்களில் ஒருவரை அழைப்போம்.

சில விலக்குகள் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையைத் தாய் தாராளமாகக் கொண்டுவரலாம். மடியில் இருக்கும் பிள்ளைக்குக் கதிரை தேவையில்லை, பால் கொடுக்க மேடைக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று ஒழுங்கு செய்திருக்கிறோம். படியேற ஆள் துணை வேண்டிய பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னால் துணைக்கு வருபவருக்கும் கதிரை ஒதுக்குவோம். வான், முச்சக்கரவண்டி ஓட்டிவரும் தம்பிமாரைக் குளிரில் வண்டிக்குள் உட்காரவைக்க மாட்டோம். கீழ்த்தளத்தில் 7 மணிக்கு அவர்களுக்குச் சாப்பாடு. எத்தனை பேர் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

பிள்ளைகளை எங்கே விடுவது என்ற யோசனை வேண்டாம். லிந்துலையில் எங்கள் வீட்டில் மாலை 4.30 முதல் இரவு 10.30 வரை, 4 முதல் 12 வயது வரையான 20 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற இரண்டு அக்காமாரும், உயர்தரம் படிக்கும் எங்கள் அண்ணன் மகளும் கூட இருப்பார்கள். 6.30க்கு இடியப்பம், சொதி, முட்டை. பிறகு கெரம், படம், தூக்கம் வந்தால் பாய் விரித்துவிடுவார்கள். பிள்ளையின் பெயர், வயது, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, கொடுக்க வேண்டிய மருந்து, உங்கள் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்; வாயால் சொன்னது கல்யாண வீட்டுச் சத்தத்தில் மறந்துபோகும். கம்பளிச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். 20 நிறைந்தால் மேலும் எடுக்க இயலாது. முதலில் சொல்பவர்களுக்கே முதலில் இடம்.

லிந்துலையிலிருந்து ஹட்டனுக்கு இரண்டு ரோசா பஸ், ஒவ்வொன்றிலும் 25 இருக்கை. கோயில் சந்தியில் மாலை 4.45க்குப் புறப்பட்டுத் தலவாக்கலை, கொட்டகலை வழியாகச் செல்லும். இந்த வளைவுகளில் யாரையும் நிற்கவைத்து ஏற்ற மாட்டோம், ஆகவே பஸ்ஸிலும் பெயர் கொடுத்தவர்களுக்கே இடம். திரும்புவது இரவு 9 மணிக்கு. பனிமூட்டம் இறங்கினால் மெதுவாகத்தான் வர வேண்டும் என்பதால் 9க்கு மேல் காத்திருக்காது.

ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தாருங்கள். வரைபடக் குறிப்பு வரும் வாட்ஸ்அப் எண்ணுக்கே இப்படி எழுதினால் போதும்: "இருவர் வருகிறோம், ஒருவர் சைவம், பஸ் வேண்டும், பிள்ளை ஒருவர், வயது 7." வெறும் கும்பிடும் படம் மட்டும் போட்டால் வருகிறீர்களா இல்லையா என்று எங்களுக்கு விளங்காது. 4ஆம் திகதி சமையல்காரருக்குத் தொகை சொல்லியாக வேண்டும். அன்றுவரை பதில் வராதவர்களைத் தொலைபேசியில் நாங்களே கேட்போம். நச்சரிப்பதாக நினைக்க வேண்டாம். மண்டப வாசலில் பட்டியலோடு நிற்பது பெண்ணின் தாய்மாமன், மேசை இலக்கம் அவர் சொல்வார்.

இப்படிக்கு,
பெண்ணின் பெற்றோர்
இராமையா – லெட்சுமி
லிந்துலை

(அடியில் கையெழுத்தில்)

சிவம் அண்ணே, மீனா அண்ணி, உறையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும்தான் போட்டிருக்கிறேன். தருணையும் சின்னவளையும் காலையில் கோயிலுக்குக் கட்டாயம் கூட்டிவாருங்கள், மணவறைப் பக்கத்தில் பூத்தட்டு பிடிக்க அவர்கள் இரண்டு பேரையும்தான் நினைத்திருக்கிறோம். மாலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இப்போதே இடம் எழுதிவிட்டேன். வேண்டாமென்றால் 3ஆம் திகதிக்குள் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வரும் அண்ணியின் தம்பியும் கோயிலுக்கும் பந்திக்கும் வரட்டும். மாலைக்கு யாராவது வரவில்லையென்றால் முதல் கதிரை அவருக்குத்தான், 5ஆம் திகதி நானே அழைத்துச் சொல்கிறேன். அப்பாயிக்குப் படியேற ஆள் வேண்டுமா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்குத் தனி உறை வைத்திருக்கிறேன்.

லெட்சுமி