மே 14 கப்பலில் போகவேண்டிய உங்கள் பொருட்கள் பற்றி

சுன்னாகம், யாழ்ப்பாணம்
2025 மே 26

அன்புள்ள அண்ணை அவர்களுக்கு,

உங்கள் பெட்டிகள் மே 14 கப்பலில் ஏறவில்லை. பிழை முழுக்க எங்களுடையது. அதைவிடப் பெரிய பிழை, மே 12ஆம் திகதியே அது எனக்குத் தெரிந்தும் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தது. 22ஆம் திகதி நீங்களாகவே போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் சொன்னேன். இரண்டுக்கும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நடந்தது இதுதான். லண்டனுக்குப் போகிற லேபல் ரோலும் கனடாவுக்குப் போகிறதும் ஒரே மஞ்சள் நிறம். பொதி செய்யும் அறையில் இரண்டும் ஒரே ஆணியில்தான் தொங்கும். கனடாவுக்கான லேபலில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கவேண்டும். உங்கள் 62 பெட்டிகளிலும் உள்ள பைக்கற்றுகளுக்கு லண்டன் லேபலை ஒட்டிவிட்டோம். லொறி ஏற்றுமுன் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். நான் பார்க்கவில்லை. கொழும்பில் கப்பல் முகவர் லேபலின் படம் கேட்டபோதுதான் தெரியவந்தது. எல்லாவற்றையும் உரித்து ஒட்டி முடிப்பதற்குள் சரக்கு ஒப்படைக்கும் நேரம் கடந்துவிட்டது.

அந்தப் பத்து நாளும் அடுத்த கப்பலில் இடம் உறுதியானதும் நல்ல செய்தியோடு சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நீங்கள் ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டி வரும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். 22ஆம் திகதி போனில் நீங்கள் கோபப்படவில்லை. "தங்கச்சி, முதலே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டீர்கள். பதினொரு வருடப் பழக்கத்தில் நீங்கள் அப்படிக் கேட்கவேண்டி வந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இப்போதைய நிலை இது. லேபல்கள் எல்லாம் மாற்றியாயிற்று. நானே கொழும்புக்குப் போய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன். கறித்தூள் 600 கிலோ, ஒடியல் மா 150 கிலோ, புழுக்கொடியல் 100 கிலோ மூன்றும் ஜூன் 3 கப்பலுக்குப் பதிவாகியிருக்கின்றன. ஜூலை நாலாம் வாரமளவில் ரொறன்ரோ வரும் என்று முகவர் சொல்கிறார். இது அவருடைய கணக்கு, கப்பல் தாமதித்தால் மாறும். அதனால் இந்தத் திகதியை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பனங்கட்டி அந்தக் கப்பலில் வந்தால் ஜூலை 17 ஆடிப்பிறப்பு முடிந்துவிடும். கூழ் காய்ச்சி முடிந்த பிறகு வந்து என்ன பயன்? ஆகவே 120 கிலோவையும் ஜூன் 5 விமானத்தில் கட்டுநாயக்காவிலிருந்து அனுப்புகிறேன். விமானக் கூலி எங்கள் செலவு, உங்கள் பற்றுச்சீட்டில் வராது. பெட்டிக்குள் அடுக்கியபோது பன்னிரண்டு குட்டான்களின் ஓலை விரிந்து கட்டி வெளியே தெரிந்தது. அவற்றை எடுத்துவிட்டுப் புதியவை வைத்திருக்கிறோம். விமானம் ஏறுவதுவரை நான் பொறுப்பு. அங்கே சுங்கத்தில் எத்தனை நாள் எடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஆடிப்பிறப்புக்கு முன் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது.

பணத்தைப் பற்றி. ஆவணம் கிடைத்ததும் மீதிப் பாதியைக் கட்டுவது என்று பேசியிருந்தோம். இந்த முறை பொருள் உங்கள் கடைக்கு வந்து, பிரித்துப் பார்த்த பிறகு கட்டினால் போதும். இந்தத் தாமதத்தால் ஏதாவது பொருள் வேண்டாம் என்று நினைத்தால் ஜூன் 1க்குள் சொல்லுங்கள், அதை இறக்கிவிட்டு அதற்குக் கட்டிய முற்பணத்தைத் திருப்பித் தருகிறேன். முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கையும் அனுப்புங்கள், பேசித் தீர்ப்போம்.

கனடா ரோலை வேறு அறைக்கு மாற்றி, நிறத்தையும் பச்சையாக்கச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் ஓடரில் முதல் பெட்டியை ஒட்டியதும் லேபலின் படம் உங்களுக்கு வட்ஸ்அப்பில் வரும். நீங்கள் சரி என்ற பிறகுதான் மற்றவை ஒட்டப்படும். இனித் தவறே நடக்காது என்று நான் எழுதவில்லை. நடந்தால் அன்றே உங்களுக்குத் தெரியவரும், அதற்கு என் வாக்கு உண்டு.

விமானம் ஏறிய அன்றும் கப்பல் புறப்பட்ட அன்றும் நானே போன் எடுக்கிறேன். அதற்கிடையில் எதுவும் மாறினாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
உரிமையாளர்,
கறித்தூள், பனம்பொருள் உற்பத்திக்கூடம்,
சுன்னாகம்