ரொக்க ஓட்ட அறிக்கை: வகைப்படுத்தும் வினாக்களும் விடைகளும்

பி.காம். மூன்றாம் ஆண்டு, மேலாண்மைக் கணக்கியல். திருப்புதல் தாள்.

மாதிரித் தேர்வில் கூட்டல் கழித்தலில் யாருக்கும் பெரிய தவறு இல்லை. மதிப்பெண் போனதெல்லாம் ஓர் உருப்படியைத் தவறான தலைப்பில் வைத்ததால்தான். அதனால் இந்தத் தாள் முழுக்க அது ஒன்றுக்காகவே. ஒவ்வொரு உருப்படியையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். ரொக்கம் உண்மையிலேயே உள்ளே வந்ததா, வெளியே போனதா? இந்த நிறுவனம் பிழைப்புக்கு என்ன தொழில் செய்கிறது? உருப்படியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

விடைகள் கணக்கியல் தரநிலை 3-ஐ ஒட்டியவை. முதலில் தாளை மடித்து வைத்துவிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

வினா 1

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நடந்தவை இவை. இயக்கம், முதலீடு, நிதி, எதிலும் சேராது என்று பிரித்து எழுதுக.

அ. டீலர்களிடமிருந்து வசூலான பணம்
ஆ. வார்ப்பட ஆலைக்கு இடம் வாங்கியது
இ. தொழிலாளர் சம்பளம்
ஈ. கடனீட்டுப் பத்திரங்களைத் திருப்பிச் செலுத்தியது
உ. பங்குதாரர்களுக்கு ஊக்கப் பங்கு கொடுத்தது
ஊ. கையிலிருந்த ரொக்கத்தை வங்கியில் கட்டியது
எ. 91 நாள் கருவூல உண்டியல் வாங்கியது
ஏ. ஓராண்டு வைப்புத்தொகை போட்டது

விடை

அ, இ இயக்கம். ஆ, ஏ முதலீடு. ஈ நிதி. உ, ஊ, எ மூன்றும் எதிலும் சேராது.

கடைசி மூன்றும் ஏன் சேராது என்பதுதான் முக்கியம். ஊக்கப் பங்கில் காப்பு நிதி பங்கு முதலாக மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு ரூபாய்கூட நகரவில்லை. கையிலிருந்து வங்கிக்குப் போன பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனது போல. கருவூல உண்டியலும் அப்படித்தான். வாங்கிய நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் முதிர்வடைந்து, மதிப்பு மாறும் ஆபத்தும் அற்பமாக இருந்தால் அது ரொக்கத்துக்குச் சமமானது. ‘வாங்கிய நாளிலிருந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓராண்டு வைப்புத்தொகை முதிர இன்னும் இரண்டே மாதம்தான் இருக்கிறது என்பதால் அது ரொக்கத்துக்குச் சமமாகிவிடாது.

வினா 2

கீழுள்ள ஒவ்வொன்றும் இரண்டு நிறுவனங்களில் நடக்கிறது. எந்தத் தலைப்பு என்று காரணத்தோடு எழுதுக.

அ. வட்டி செலுத்தியது: பம்ப் நிறுவனம், வணிக வங்கி
ஆ. நிலம் வாங்கியது: பம்ப் நிறுவனம், மனை வாங்கி விற்கும் நிறுவனம்
இ. பங்காதாயம் பெற்றது: பம்ப் நிறுவனம், நிதி நிறுவனம்
ஈ. பங்காதாயம் செலுத்தியது: பம்ப் நிறுவனம், வணிக வங்கி

விடை

அ. பம்ப் நிறுவனம் கடன் வாங்கியதற்கான விலைதான் வட்டி, எனவே நிதி நடவடிக்கை. வங்கிக்கு வைப்பாளருக்கு வட்டி கொடுப்பதும் கடனாளியிடம் வட்டி வாங்குவதும்தான் தொழிலே. அங்கே அது இயக்க நடவடிக்கை. வட்டி இலாப நட்டக் கணக்கில் செலவாக வருகிறது, அதனால் எல்லா நிறுவனத்துக்கும் இயக்கம்தான் என்று பலர் எழுதியிருந்தீர்கள். இலாப நட்டக் கணக்கில் இருப்பது ஒரு காரணமே இல்லை. பணம் எதற்காகப் போனது என்பதே காரணம்.

ஆ. பம்ப் நிறுவனத்துக்கு நிலம் நிலைச்சொத்து, ஆகவே முதலீடு. மனை விற்பவருக்கு அது சரக்கு. மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டை வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. இயக்கம்.

இ. பம்ப் நிறுவனத்துக்கு முதலீடு, நிதி நிறுவனத்துக்கு இயக்கம்.

ஈ. இரண்டுக்கும் நிதி நடவடிக்கையே. வங்கி என்றதும் எல்லாவற்றையும் இயக்கத்தில் தள்ளிவிடக் கூடாது. பங்காதாயம் முதல் போட்டவருக்குக் கொடுப்பது, அது எந்த நிறுவனத்திலும் தொழில் செலவு ஆகாது.

வினா 3

சிறு குறிப்பு எழுதுக: அ. வருமான வரி, ஆ. தீ விபத்துக் காப்பீட்டுத் தொகை, இ. வங்கி மேல்வரைப்பற்று.

விடை

அ. பொதுவாக இயக்கம். ஆனால் நிலத்தை விற்றதால் வந்த மூலதன ஆதாய வரி என்று தனியாகச் சுட்டிக்காட்ட முடிந்தால், அந்த வரி முதலீட்டுத் தலைப்பில் போகும்.

ஆ. எது எரிந்தது என்று பாருங்கள். சரக்கு எரிந்திருந்தால் இயக்கம், எந்திரம் எரிந்திருந்தால் முதலீடு. இரண்டிலும் அசாதாரண உருப்படி என்று தனியாகக் காட்ட வேண்டும்.

இ. ஓ.டி. ஒரு குறுகியகாலக் கடன், அதன் ஏற்ற இறக்கத்தை நிதியில் காட்டுங்கள். இண்ட் ஏ.எஸ். 7 பின்பற்றும் நிறுவனத்தில், கேட்டவுடன் திருப்பித் தர வேண்டியதாகவும் அன்றாடப் பண நிர்வாகத்தின் பகுதியாகவும் இருந்தால் அது ரொக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். நம் தேர்வுக்கு முதல் விடைதான்.

வினா 4

அதே பம்ப் நிறுவனம், 31.3.2025-இல் முடிந்த ஆண்டு. ரொக்க ஓட்ட அறிக்கை தயாரிக்கவும்.

வரிக்கு முந்தைய இலாபம் ரூ.12,00,000. இதைக் கணக்கிடும்போது தேய்மானம் ரூ.2,10,000, வங்கிக் கடன் வட்டி ரூ.1,80,000 கழிக்கப்பட்டு, வைப்புத்தொகை வட்டி ரூ.40,000 சேர்க்கப்பட்டுள்ளது. இரண்டு வட்டியும் ரொக்கமாகவே நடந்தன. ஏட்டு மதிப்பு ரூ.1,50,000 உள்ள பழைய லேத் ரூ.1,20,000-க்கு விற்கப்பட்டது. புது சி.என்.சி. எந்திரம் ரூ.9,00,000, அதில் ரூ.2,00,000-க்கு விற்றவருக்கே நேர்மைப் பங்குகள் வழங்கப்பட்டன, மீதி காசோலை. கடனாளிகள் ரூ.2,60,000 கூடினர், சரக்கிருப்பு ரூ.90,000 குறைந்தது, கடனீந்தோர் ரூ.1,10,000 கூடினர். செலுத்திய வரி ரூ.2,90,000, பங்காதாயம் ரூ.1,50,000. புதிய நீண்டகாலக் கடன் ரூ.5,00,000. தொடக்க ரொக்கம் ரூ.1,35,000.

விடை

இயக்கம்: 12,00,000 + 2,10,000 + 1,80,000 + 30,000 − 40,000 = 15,80,000. நடைமுறை மூலதன மாற்றம் −2,60,000 + 90,000 + 1,10,000 = −60,000. வரி −2,90,000. நிகரம் ரூ.12,30,000 வரவு.

முதலீடு: 1,20,000 + 40,000 − 7,00,000. நிகரம் ரூ.5,40,000 செலவு.

நிதி: 5,00,000 − 1,80,000 − 1,50,000. நிகரம் ரூ.1,70,000 வரவு.

மொத்த உயர்வு 12,30,000 − 5,40,000 + 1,70,000 = ரூ.8,60,000. இறுதி ரொக்கம் ரூ.9,95,000.

லேத் விற்ற நட்டம் ரூ.30,000-ஐ முதலீட்டில் கழித்துவிடாதீர்கள். லேத்துக்காகக் கையில் வந்தது ரூ.1,20,000, அது முழுமையாக முதலீட்டில் வந்துவிட்டது. நட்டம் இலாபத்தைக் குறைத்திருப்பதால் இயக்கத்தில் திரும்பச் சேர்க்கிறோம். வட்டி ரூ.1,80,000-ஐ இயக்கத்தில் கூட்டுவதும் அதற்காகத்தான். அப்புறம் மறக்காமல் நிதியில் கழிக்க வேண்டும். கூட்டியதோடு நிறுத்தினால் இறுதி ரொக்கம் சரியாக அந்த ரூ.1,80,000 அதிகமாக வரும், எங்கே தவறியது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பங்குகளாகக் கொடுத்த ரூ.2,00,000 அறிக்கையின் எந்தத் தலைப்பிலும் வராது. முதலீட்டில் ரூ.9,00,000 எழுதி, நிதியில் பங்கு வெளியீடு ரூ.2,00,000 என்று ஈடு செய்தாலும் இறுதி ரொக்கம் பொருந்தும். ஆனாலும் அது தவறு, மதிப்பெண் கிடைக்காது. ரொக்கமில்லா நடவடிக்கை என்று குறிப்பில் தனியாக எழுதுங்கள்.