வாரத் தேர்வு: நோய்த்தடைக்காப்பும் தடுப்பூசியும்

பன்னிரண்டாம் வகுப்பு, விலங்கியல். 4 கேள்விகள், 15 நிமிடம். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் முதலில் சரி, தவறு போடுங்கள். அப்புறம் விடைக்குப் போங்கள்.

1. எதிர்ப்பொருள்கள் பற்றி:
(i) அவற்றைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள்.
(ii) ஓர் அடிப்படை அலகில் 2 கனமான சங்கிலிகளும் 2 இலேசான சங்கிலிகளும் உண்டு.
(iii) கிருமி முதன்முறை நுழையும்போது முதலில் சுரப்பது ஐஜிஜி.
அ) i மட்டும் ஆ) i, ii இ) ii, iii ஈ) மூன்றும்

2. ஃபேரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. பிறகு 65 ஆண்டுகள் அங்கே அந்த நோயே இல்லை. 1846-இல் அது மறுபடி வந்தபோது, 1781-இல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களைத் தொடவில்லை.
கூற்று: இது செயலாக்க நோய்த்தடைக்காப்பு.
காரணம்: 1781-இல் சுரந்த அதே எதிர்ப்பொருள் மூலக்கூறுகள் 1846 வரை இரத்தத்தில் இருந்தன.
அ) இரண்டும் சரி, காரணம் விளக்குகிறது
ஆ) இரண்டும் சரி, காரணம் விளக்கவில்லை
இ) கூற்று சரி, காரணம் தவறு
ஈ) கூற்று தவறு, காரணம் சரி

3. பச்சிளங்குழந்தை பற்றி, தவறானது எது?
அ) தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே வருகிறது
ஆ) சீம்பாலில் ஐஜிஏ மிகுதி
இ) தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையிடம் நினைவாற்றல் செல்களை உருவாக்குகின்றன
ஈ) இது மந்தமான நோய்த்தடைக்காப்பு

4. ஒன்பது வயதுச் சிறுமியைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து இரத்தம் வந்தது. ரேபிஸ் தடுப்பூசி இதுவரை போட்டதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினார்கள். மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும், அன்றே கையில் தடுப்பூசியும் போட்டார்கள்.
(i) இம்யூனோகுளோபுலின் உடனே வேலை செய்யும்.
(ii) தடுப்பூசியால் எதிர்ப்பொருள் உருவாகச் சில நாட்கள் பிடிக்கும்.
(iii) இம்யூனோகுளோபுலின் போட்டதால் மீதித் தவணைகள் தேவையில்லை.
(iv) இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போடலாம்.
அ) i, ii ஆ) i, iii இ) ii, iv ஈ) i, ii, iii

விடைகள்

1 – ஆ. முதலில் வருவது ஐஜிஎம்.

2 – இ. ஐஜிஜி சுமார் 3 வாரத்தில் பாதியாகிவிடும்; 65 ஆண்டு தாங்காது. தாங்கியவை நினைவாற்றல் செல்கள். எதிர்ப்பொருளையும் நினைவாற்றல் செல்லையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்பவர்கள்தான் இங்கே 'அ' போடுவார்கள்.

3 – இ. தாயிடமிருந்து வந்தது சில மாதங்களில் கரைந்துவிடும். அது மிச்சமிருக்கும்போது தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் அதிலுள்ள வைரஸையே முடக்கிவிடும். நம் நாட்டில் முதல் தவணைக்கு 9 மாதம் காத்திருப்பது இதனால்தான்.

4 – அ. தடுப்பூசி தன் வேலையைத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளியில் காயத்திலேயே வைரஸைப் பிடித்து நிறுத்துவது இம்யூனோகுளோபுலின். கலந்து போட்டால் அது தடுப்பூசியின் ஆன்டிஜெனையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்று காலில், மற்றது கையில். இந்தக் கேள்வியை மட்டும் வீட்டில் அம்மா அப்பாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். 'ஒரு ஊசி போட்டாச்சே' என்று மீதித் தவணைகளை விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.