பொருள்: உங்க 4.2.2026 தேதி பில் 2317, எங்க பிஓ 118 கூட ஒத்து வரல, திருப்பி அனுப்புறோம்

வணக்கம்ண்ணே,

நேத்து காலைல லோடு வந்து இறங்கிருச்சு, நூல் நல்லா இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பில்ல பிஓ கூட வெச்சு பாத்தப்ப அளவும் சேரல, ரேட்டும் சேரல, அதனால இந்த பில்ல எங்களால பாஸ் பண்ண முடியலண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல சொன்னா ரெண்டு நாள்ல மறந்துரும், உங்க அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கும் புரியணும், அதான் எழுத்துலயே அனுப்புறேன்.

முதல்ல மூட்டைக் கணக்கு. பிஓல நாங்க கேட்டது 30ம் நம்பர் கோம்ப்டு 40 மூட்டை, அதாவது 2,000 கிலோ, 40ம் நம்பர் கோம்ப்டு 12 மூட்டை, 600 கிலோ. உங்க பில்லுல 30ம் நம்பர் அதே 40 மூட்டைதான் இருக்கு, 40ம் நம்பர் மட்டும் 15 மூட்டைனு 750 கிலோ போட்டிருக்கீங்க. வண்டில வந்ததோ 30ம் நம்பர் 38, 40ம் நம்பர் 15, மொத்தம் 53 மூட்டை. எல்ஆர்ல 55னு இருந்ததால வாட்ச்மேன் ஒருக்கா எண்ணி, ஸ்டோர் பையன் மறுபடி ஒருக்கா எண்ணி, அப்புறம் டிரைவரையே கூப்பிட்டு எண்ணச் சொல்லிட்டோம். அவரும் 53னு ஒத்துக்கிட்டு எல்ஆர் பின்னாடி எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு, அந்த போட்டோவும் கேட் என்ட்ரி பக்கமும் ஜிஆர்என்னும் இதோட இணைச்சிருக்கேன். எனக்கு என்ன தோணுதுன்னா, உங்க குடோன்ல ரெண்டு கவுண்ட்டும் பக்கத்துல பக்கத்துல அடுக்கி இருந்திருக்கும், லோடுமேன் கோன் டிப் கலர பாக்காம ஏத்திட்டாரு. எங்க ஸ்டோர்லயும் இது நடந்திருக்கு, அதனால யாரையும் குத்தம் சொல்லல.

அடுத்தது ரேட். பிஓ போட்டது ஜனவரி 27ம் தேதி, 30ம் நம்பர் கிலோ 268, 40ம் நம்பர் 296, நீங்களும் அன்னைக்கு சாயங்காலமே ஓகேன்னு மெயில் போட்டுட்டீங்க. இப்ப பில்லுல 30ம் நம்பர் 273னு வந்திருக்கு. ஒண்ணாம் தேதி ரேட் ஏத்தினது எங்களுக்கும் தெரியும்ண்ணே, பிப்ரவரில போடற பிஓவுக்கு அந்த ரேட்டுதான், அதுல பேச்சே இல்ல. ஆனா இது அதுக்கு முன்னாடியே முடிஞ்ச ஆர்டர், நாங்க பையருக்கு பீஸ் ரேட் குடுத்ததே 268 வெச்சுத்தான், இப்ப நடுவுல 5 ரூபா ஏறுனா 2,000 கிலோவுக்கு 10,000 ரூபா எங்க கைல இருந்து போகுது. 40ம் நம்பருக்கு மட்டும் பழைய ரேட்டே போட்டிருக்கீங்க, அதப் பாத்தா பில் போட்டவரு ஒரு ஐட்டத்துக்கு மட்டும் புது ரேட் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாருன்னு தோணுது.

அப்புறம் லாரி வாடகைன்னு 4,800 தனியா சேத்திருக்கீங்க. பிஓல நாலாவது வரிய பாருங்க, ரேட் எங்க குடோன் வரைக்கும் டெலிவரி சேத்துன்னு தெளிவா இருக்கு.

ஆக உங்க பில் ஜிஎஸ்டி இல்லாம 7,72,800, 5% சேத்தா 8,11,440. எங்க கணக்குப்படி வரவேண்டியது 30ம் நம்பர் 1,900 கிலோ 268ல 5,09,200, 40ம் நம்பர் 600 கிலோ 296ல 1,77,600, ரெண்டும் சேத்து 6,86,800. அதுக்கு சிஜிஎஸ்டி 17,170, எஸ்ஜிஎஸ்டி 17,170, மொத்தம் 7,21,140. வித்தியாசம் 90,300 ரூபாண்ணே, ரவுண்டு பண்ணி விடற அளவுக்கு சின்னது இல்ல.

இ-இன்வாய்ஸ் போட்டு 24 மணி நேரம் தாண்டிருச்சு, இனி ஐஆர்என்ன கேன்சல் பண்ண முடியாது. அதனால 2317க்கு முழுசா ஒரு கிரெடிட் நோட் போட்டுட்டு, மேல சொன்ன 7,21,140க்கு பிஓ 118னு நம்பர் குறிச்சு புது பில் அனுப்பிருங்க. வித்தியாசத்துக்கு மட்டும் கிரெடிட் நோட் போட்டா போதாதான்னு நீங்க கேப்பீங்க, சட்டப்படி அதுவும் சரிதான், ஆனா எங்க சிஸ்டத்துல பிஓ, ஜிஆர்என், பில் மூணும் ஒத்து வந்தாத்தான் என்ட்ரியே ஏறும், இந்த பில்ல வெச்சு உள்ள நுழையவே முடியாது. கிரெடிட் நோட்டும் பிப்ரவரி ஜிஎஸ்டிஆர்-1லயே வந்துட்டா போர்ட்டல்ல ஐஎம்எஸ்ல ரெண்டையும் நாங்க அக்செப்ட் பண்ணிருவோம், ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுரும். அது வரலைன்னா 2317ஐ ரிஜெக்ட் போடறத தவிர வேற வழி இருக்காது, அப்புறம் உங்க ஆடிட்டரும் எங்க ஆடிட்டரும் மாத்தி மாத்தி போன் போட்டுட்டே இருப்பாங்க, அந்த வேலை ரெண்டு பேருக்கும் வேண்டாம்.

கூடுதலா வந்த 40ம் நம்பர் 3 மூட்டைய பிரிக்கல, ஸ்டோர் வலது மூலைல பலகை போட்டு தனியா அடுக்கி அட்டைல "ஹோல்ட், மில்லுக்கு திருப்பணும்"னு எழுதி வெச்சிருக்கோம். இந்த ஆர்டருக்கு 12 மூட்டைக்கு மேல வேலை இல்ல, வெச்சுக்க வழி இருந்தா நானே பிஓவ திருத்தி குடுத்திருப்பேன்.

குறைஞ்ச 30ம் நம்பர் 2 மூட்டை மட்டும் 12ம் தேதிக்குள்ள எங்களுக்கு கண்டிப்பா வேணும்ண்ணே. இப்ப வந்தது எல்லாம் லாட் 214, அந்த ரெண்டும் அதே லாட்லதான் வரணும், வேற லாட் கலந்தா டையிங்ல ஷேடு அடிச்சுரும், நேவி கலர்ல போற துணி, பட்டை பட்டையா தெரியும். லாட் 214 தீந்து போச்சுன்னா வண்டி ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, நிட்டிங்ல வேற மாதிரி பிளான் பண்ணிக்கறோம். அந்த 2 மூட்டைக்கு அதே 268ல தனி பில் போட்டுருங்க. அது வர்ற வண்டிலயே இந்த 3 மூட்டையயும் சலான் போட்டு ஏத்தி விட்டுடறோம், தனி வாடகை வேண்டாம்.

பேமென்ட் பத்தி கவலை வேண்டாம். உங்களுக்கு உத்யம் இருக்கு, எங்களுக்கும் 45 நாள் தாண்டுனா வருமான வரில சிக்கல், அதனால இழுக்கற எண்ணம் சுத்தமா இல்ல. முறைப்படி பாத்தா, சரக்கு வந்த 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை சொல்லிட்டா, அது தீர்ந்த நாள்ல இருந்துதான் கணக்கு ஓடும், ஆனா நான் அத பிடிச்சுக்கப் போறதில்ல. புது பில் 11ம் தேதி புதன்கிழமைக்குள்ள வந்துட்டா, சரக்கு வந்த 5ம் தேதில இருந்தே 30 நாள் கணக்கு வெச்சு மார்ச் 7ம் தேதி உங்க அக்கவுன்ட்ல பணம் ஏறிரும், எங்க அக்கவுன்ட்ஸ்ல பேசி வெச்சுட்டேன்.

ஒரிஜினல் பில்ல சிவப்பு பேனால "ஏற்கப்படவில்லை"னு எழுதி கூரியர்ல போட்டாச்சு, நாளைக்கு உங்க ஆபீஸ் வந்துரும். எங்க எண்ணிக்கைல ஏதாச்சும் தப்புன்னு நெனச்சா உங்க லோடிங் சிலிப்ப போட்டோ எடுத்து அனுப்புங்க, நாங்க மறுபடி எண்ணிப் பாக்கறோம், மூட்டை எல்லாம் அப்படியேதான் இருக்கு, திங்கக்கிழமை மதியம்தான் நிட்டிங்குக்கு ஏத்தறோம், அதுக்குள்ள சொல்லிருங்கண்ணே.

நன்றி,
பர்சேஸ் & ஸ்டோர்ஸ், திருப்பூர்
6.2.2026

இணைப்பு: பிஓ 118 நகல், ஜனவரி 27ல நீங்க போட்ட ஓகே மெயில், ஜிஆர்என், கேட் என்ட்ரி பக்கம், டிரைவர் கையெழுத்து போட்ட எல்ஆர், தனியா வெச்ச 3 மூட்டை போட்டோ