சந்தாச் சீட்டுகளை ஏற்றிய விவரம்: உறுப்பினர்களுக்குப் பொருளாளரின் கடிதம்

06.06.2025

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சேமிப்புச் சந்தாச் சீட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். 14 பேர், 24 மாதம், ஆளுக்கு மாதம் 200 ரூபாய். ஆக 336 சீட்டு, 67,200 ரூபாய் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சீட்டையும் போனில் படம் எடுத்து, மாதமும் உறுப்பினர் எண்ணும் தெரியும்படி 2024-05-07.jpg என்பது போலப் பெயர் வைத்தேன். பிறகு படத்தைப் பார்த்துத் தொகையைக் கையாலேயே பதிந்தேன். கடைசியில் கூட்டினால் சரியாக 67,200 வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பெயர் வாரியாகப் பார்த்தபோதுதான் 3-ஆம் எண் அக்காவின் சேமிப்பு 4,800-க்குப் பதில் 6,600 என்று இருந்தது.

அந்த அக்கா 15,000 ரூபாய் உள்கடனுக்கு ஆறு மாதம் வட்டி கட்டியிருக்கிறார். ஆறு சீட்டிலும் சந்தா 200, வட்டி 300 சேர்த்து 500 என்று ஒரே தொகையாக எழுதியிருந்தது. நான் 500-ஐயும் சேமிப்பில் போட்டுவிட்டேன். அதில் 1,800 கூடுதல். இன்னொரு பக்கம் 9 சீட்டுகள் கட்டில் இல்லை. அதில் 1,800 குறைவு. இரண்டும் ஒன்றையொன்று மறைத்ததால்தான் மொத்தம் சரியாக வந்திருக்கிறது. இது என் கவனக்குறைவு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 1,800 ரூபாயை வட்டி வரவுக்கு மாற்றிவிட்டேன். காணாத 9 சீட்டில் ஏழு பேர் பணம் கட்டியது ரொக்கப் புத்தகத்தில் பெயரோடு இருக்கிறது. மற்ற இரண்டும் 2023 நவம்பர் மாதத்துச் சீட்டுகள். அன்று பெயர் எழுதாமல் வரவு 2,800 என்று மட்டும் எழுதியிருக்கிறோம். 2,800 என்றால் 14 பேரும் கட்டியிருக்கிறார்கள், அதனால் இருவருக்கும் வரவு வைத்தேன்.

7-ஆம் எண்ணுக்கும் 11-ஆம் எண்ணுக்கும் பெயரும் இனிஷியலும் ஒன்று. மூன்று மாதச் சந்தா ஒருவருடையது மற்றவர் கணக்கில் ஏறியிருந்தது. இருவரின் பாஸ்புக்கையும் வைத்துப் பார்த்துச் சரிசெய்தேன். இனிமேல் சீட்டில் பெயரோடு உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். சந்தாவுக்கும் வட்டிக்கும் தனித்தனிச் சீட்டு வேண்டும்.

திருத்திய இடத்தில் பழைய எண்ணை நான் அழிக்கவில்லை. பக்கத்திலேயே புதிய தொகை, காரணம், தேதி மூன்றும் இருக்கும். காகிதச் சீட்டுகளும் மாதவாரியாகக் கட்டி பீரோவில் இருக்கின்றன.

வரும் ஞாயிறு 08.06.2025 கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக் கொண்டுவாருங்கள். ஆளுக்கொரு தாளில் அவரவர் கணக்கைத் தருவேன். படிக்கச் சிரமப்படும் அக்காமாருக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். ஒரு ரூபாய் இடித்தாலும் அங்கேயே கேளுங்கள், படத்தைத் திறந்து பார்த்துவிடலாம். 14 பேரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். ஊக்குநரிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் பொருளாளர்